தாத்தாவின் கல்லறையில் வாசிக்க ஒரு சிறு செபம்: நான் எழுதிய விதம்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் அதற்கு முந்தைய வாரமே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பெயர் எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டிவிடுவார்கள். சாயங்காலம் சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அவர் நம் கல்லறைக்கு வரும்வரை குடும்பம் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில் பேரன் ஒருவன் செபம் வாசிக்க வேண்டும் என்று ஆச்சி சொன்னார். மூத்த பேரன் நான்தான்.

முதல் வருடம் சொதப்பினேன். இரண்டாம் வருடம் சரியாக வந்தது. சிலுவை அடையாளம் போடுவது, பூ வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் எழுதும் வேலைக்கே வருகிறேன்.

1. யாரிடம் பேசுகிறோம்?

நான் விழுந்த இடம் இதுதான். "இறைவா, எங்கள் தாத்தாவை எங்களுக்குத் தந்தீர்" என்று ஆரம்பித்தேன். நான்காவது வரியில் "தாத்தா, நீங்க எங்களை விட்டுட்டுப் போனப்புறம்" என்று கை தானாக எழுதிவிட்டது. வீட்டில் படித்தபோது உறுத்தவில்லை. கல்லறை முன் அந்த வரி வந்ததும் குரல் உடைந்தது. அதைவிட, சுற்றி நின்றவர்களுக்கு இது செபமா, தாத்தாவிடம் பேசுவதா என்றே புரியவில்லை. முடித்தபோது ஆமென் சொன்னது அத்தை ஒருவர் மட்டும்.

செபம் இறைவனிடம் பேசுவது. தாத்தா அதில் 'அவர்'தான். தாத்தாவிடமே சொல்ல ஏதாவது இருந்தால் சிலுவை அடையாளம் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்: "தாத்தா, எல்லாரும் வந்திருக்கோம்." அவ்வளவுதான். அப்புறம் தாளைப் பிரிப்பேன்.

2. நீரா, நீங்களா?

நாம் பெரியவர்களை 'நீங்கள்' என்போம். இறைவனை 'நீர்' என்றுதான் கோவிலில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எழுதும்போது இரண்டும் குழம்பும். என் முதல் தாளில் "நீர் தந்தீர்கள்" என்று இருந்தது. 'நீர்' என்று தொடங்கினால் வினையும் அதன்படியே வர வேண்டும்: தந்தீர், காத்தீர், அழைத்துக்கொண்டீர். கேட்கும்போது தாரும், இரும், மன்னித்தருளும். உங்கள், உங்களுக்கு என்று எங்காவது நுழைந்திருந்தால் உமது, உமக்கு என்று மாற்றுங்கள். பென்சிலால் எல்லா வினைச்சொற்களையும் வட்டமிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

இதில் ஒரு நல்லதும் உண்டு. இறைவன் எப்போதும் 'நீர்' என்றால், 'அவர்' என்று வரும் இடமெல்லாம் தாத்தா மட்டுமே. "இயேசு இலாசருக்காகக் கண்ணீர் விட்டார், அவர் எங்களோடு இருந்தார்" என்று எழுதினால் எந்த அவர்? அதையே "இலாசருக்காகக் கண்ணீர் விட்டவரே" என்று விளியாக்கிவிட்டால் குழப்பம் போய்விடும்.

3. ஒரே ஒரு காட்சி

"அன்பானவர், பண்பானவர், உழைப்பாளி" என்ற வரியை எந்தத் தாத்தாவுக்கும் வாசிக்கலாம், அதனால் யாருக்கும் எதுவும் நினைவு வராது. எங்கள் தாத்தா தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்திருக்கும். இரவுச் செபத்துக்கு முழந்தாளிடும்போது அந்தப் பாதங்கள் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேறு நல்ல நினைவுகளும் இருந்தன. ஒரு நிமிடச் செபத்தில் இரண்டாவது காட்சி வந்தால் முதலாவது கரைந்துவிடுகிறது.

4. குறையைச் சொல்லலாமா?

கத்தோலிக்கச் செபத்தில் இறந்தவருக்காக மன்னிப்பு வேண்டுவதுதான் முக்கியமான பகுதி, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பெயர் வேண்டாம். தாத்தாவும் சித்தப்பாவும் சில வருடம் பேசாமல் இருந்ததை நான் அப்படியே எழுதியிருந்தேன். ஆச்சி தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அவன் அங்கதான நிப்பான்?" என்று மட்டும் கேட்டார். வரியை மாற்றினேன்.

வாசித்தது இதுதான்

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.

எல்லாம் வல்ல இறைவா, / எண்பத்திரண்டு ஆண்டுகள் / எங்கள் தாத்தாவைக் காத்து வந்தீர். / உமக்கு நன்றி.

விடியுமுன் எழுந்து உப்பளத்துக்கு நடந்தவர் அவர். / வெடித்த பாதங்களோடு திரும்பி வந்தும் / இரவுச் செபத்துக்கு முழந்தாளிட்டவர். / அந்தக் கால்களுக்கு ஓய்வு தாரும்.

அவர் சொல்லிய கடுஞ்சொல்லையும் / சொல்லாமல் விட்ட நல்ல சொல்லையும் / நீர் அறிவீர். / உமது இரக்கத்தால் மன்னித்தருளும்.

எங்கள் ஆச்சிக்குத் துணையாய் இரும். / இங்கே நிற்கும் எங்களை / ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்களாய் வைத்தருளும்.

எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக / உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

கடைசி வரியை மாற்றாதீர்கள். "கிறிஸ்து வழியாக" என்று காதில் விழுந்ததும் கூட்டம் தானாக ஆமெனுக்குத் தயாராகிவிடும்.

5. தாளும் வாசிப்பும்

கைபேசி வேண்டவே வேண்டாம். சாயங்கால வெயில் திரையில் அடிக்கும், நடுவில் அணையும், யாராவது கூப்பிட்டும் தொலைப்பார்கள். தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு (நான் 18 புள்ளி வைத்தேன்) பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வெறும் தாள் கடற்காற்றில் மடங்கும், கை நடுக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். மேலே சாய்கோடு போட்ட இடமெல்லாம் மூச்சு விடுவதற்கு.

குரல் அடைக்கும் வரி எதுவென்று வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்தால் தெரிந்துவிடும். எனக்கு அது "ஓய்வு தாரும்". அதற்கு முன்னால் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். நின்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்னொரு பிரதியைத் தங்கையிடம் கொடுத்திருந்தேன், தேவைப்படவில்லை.

பின்சேர்க்கை: "எங்கள் வீட்டில் பாதிப் பேர் சி.எஸ்.ஐ., இறந்தவருக்காக மன்றாடினால் முகம் சுளிப்பார்கள், என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அவர்கள் மரபில் இறந்தவரின் வாழ்வுக்காக நன்றி சொல்வார்கள், இருப்பவர்களுக்கு ஆறுதல் கேட்பார்கள். அப்படியானால் மன்னிப்புக் கேட்கும் பத்தியை எடுத்துவிட்டு, "ஓய்வு தாரும்" வரியை "அந்தக் கால்களுக்கு ஓய்வு தந்தீர், நன்றி" என்று மாற்றிப் பாருங்கள். வேண்டுதல் நன்றியாகிவிடும், இரு பக்கமும் ஆமென் சொல்லலாம். வேதவசனம் சேர்ப்பதானால் யார் வாசிக்கிறாரோ அவர் வீட்டு வேதாகமத்திலிருந்தே எடுங்கள். 23ஆம் சங்கீதம் ஒரு வீட்டில் "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கும், இன்னொரு வீட்டில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". எல்லாரும் சேர்ந்து சொல்லச் சொன்னால் முதல் சொல்லிலேயே மோதும். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும்.

இன்னொன்று: காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தால் வாசிப்பை நிறுத்த வேண்டாம். சின்னப் பிள்ளைகள் யாரிடமாவது தீப்பெட்டியைக் கொடுத்துவிடுங்கள்.