இளங்குரலுக்கு எழுதிய பாட்டை மூத்த குரலுக்கு மாற்றும்போது

பாட்டெழுதப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்தில் இடறிய இடங்களிலேயே இன்றும் இடறுகிறார்கள். 'பருவம்', 'பதினெட்டு' போன்ற சொற்களை எடுத்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

சுருதியைக் கேட்காமல் எழுதுவது

முன்பு 5½ கட்டையில் பாடியவர் 60 வயதுக்குமேல் 4 கட்டைக்கு இறங்கியிருக்கலாம். அப்போது மேல் ஸ்தாயி எட்டிவிடும். ஆனால் பல்லவி தொடும் மந்தர பஞ்சமத்தில் குரல் வெறும் காற்றாகிவிடும். முக்கியமான சொல் அங்கே விழுந்தால் யாருக்கும் கேட்காது. ஆகையால் முதலில் மெட்டை அகாரத்தில் பாடச் சொல்லி, அவர் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, சொற்கள் அந்த இடங்களில் முடியுமாறு எழுதவேண்டும்.

எல்லாவற்றையும் இறந்தகாலமாக்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு தம்பி இப்படியொரு பல்லவியைத் திருத்திக் கொண்டுவந்தார்:

வருவாயா வாசல் வரை
விழி மூடாமல் காத்திருப்பேன்

அவர் 'காத்திருப்பேன்' என்பதைக் 'காத்திருந்தேன்' என்று மாற்றியிருந்தார். இரண்டும் ஒரே சந்தம் என்பதால் மெட்டில் பிசகில்லாமல் உட்கார்ந்துவிட்டது. ஏமாற்றுவதும் அந்தச் சௌகரியம்தான். 'வருவாயா' என்று இப்போது கேட்கிறவர், அடுத்த வரியில் என்றோ முடிந்துபோன காத்திருப்பைச் சொல்கிறார். அதைச் சரிக்கட்ட முதல் வரியும், பிறகு சரணங்களும் இறந்தகாலத்துக்குப் போக, கடைசியில் பாடுகிறவருக்கு இன்றைய ஆசை எதுவுமே இல்லாமல் போய்விட்டது. பாட வந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் உயிரோடுதானேப்பா இருக்கேன்?" என்றார்.

காலத்தை அப்படியே விட்டுவிட்டு, காத்திருக்கும் விதத்தை மாற்றினால் போதும். இரவெல்லாம் விழித்திருப்பேன் என்பது இளமையின் சபதம். வீட்டை நடத்திப் பழகியவர் 'விளக்கோடே நான் காத்திருப்பேன்' என்பார். 'விழி மூடாமல்', 'விளக்கோடே நான்' இரண்டும் நிரை நேர் நேர் நேர். மூ, டா என்ற நெடில்களின் இடத்தில் கோ, டே நெடில்களே நிற்கின்றன. அந்த இடம் மத்திம ஸ்தாயியில் இருந்ததால் ஏகாரம் சிரமம் தரவில்லை. மேல் ஷட்ஜத்தில் நீட்டவேண்டிய இடமாக இருந்தால் ஆகாரத்தை இழக்காத வேறு சொல்லைத் தேடியிருப்பேன்.

நரையும் கைத்தடியும்

வேண்டாம். வயதைக் குரலே சொல்லிவிடும்.

பல்லவியோடு நிறுத்திக்கொள்வது

பல்லவியில் விளக்கோடு காத்திருந்த பெண், இரண்டாம் சரணத்தில் அப்பாவுக்குப் பயந்து கொல்லைப்புறமாக ஓடியதை மேடையிலேயே கேட்டிருக்கிறேன்.