மருத்துவரிடமிருந்து திரும்பி வந்த சீட்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் அழகு நிலையம் நடத்துகிறேன். கன்னத்தில் நீலக்கருப்புப் புள்ளிகளோடு வந்த ஓர் அக்கா, தோலின் மேலடுக்கை உரித்தெடுக்கும் பீலிங் கேட்டார். வெளுப்பு க்ரீமால் வந்த கறையோ என்று சந்தேகப்பட்டேன். தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் கலந்த அழகுப் பொருள்களுக்கு இங்கே 1990-லேயே தடை வந்தும் கள்ளத்தனமாக விற்கிறார்கள். பீலிங் செய்தால் கறை இன்னும் கருக்கக்கூடும். "தோல் மருத்துவரைப் பாருங்கள், அக்கா" என்று வாயால் சொன்னதோடு சரி. அவர் வேறு கடையில் பீலிங் செய்துகொண்டார். மனம் வலித்தது.

பிறகு பக்கத்துத் தோல் மருத்துவரிடம் பேசி, இரு பாதிச் சீட்டு அச்சடித்தேன். மேல் பாதியில் நான் கண்டதையும் பூசிய க்ரீமின் பெயரையும் எழுதுவேன். நோயின் பெயரை எழுதமாட்டேன், அது மருத்துவர் வேலை. வாடிக்கையாளர் எழுந்து போவதற்குள் தொலைபேசியில் நேரம் வாங்கிவிடுவேன். க்ரீம் டப்பாவையும் எடுத்துப்போகச் சொல்வேன். கீழ்ப் பாதியில், வாடிக்கையாளர் சம்மதித்தால், நான் எதைச் செய்யலாம், எதை எவ்வளவு காலம் தொடக்கூடாது என்று மருத்துவர் எழுதி அனுப்புவார். இருபக்கமும் கமிஷன் கிடையாது.