பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் ரிலீஸ் வேண்டாம்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் நான்கு பேர் நீலகிரிக்காரர்கள், மூன்று பேர் போலந்தில் கிராக்கோவ் நகரத்தில், ஒருவர் நியூயார்க்கில். 2026 பொங்கலுக்கான திட்டத்தைப் புதிதாகப் பொறுப்பேற்ற தம்பி அனுப்பியிருந்தான். ஒரே வரி: "ஜனவரி 14 மாலை 6 மணிக்குக் கடைசி ரிலீஸ், அதோடு ஃப்ரீஸ், 19 காலையில் மறுபடி திறக்கிறோம்." 2024 தீபாவளிக்கு நான் எழுதிய வரி அச்சு அசலாக இதேதான். தேதி மட்டும் வேறு. ஃப்ரீஸ் என்றால் அந்த நாட்களில் வாடிக்கையாளரிடம் எந்த மாற்றமும் போகாது.

லீவைக் காலண்டரில் போடுங்கள், மாற்று ஆள் பெயரை எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். அப்படியும் நடக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

லீவுக்கு முந்தின நாள் கடைசி ரிலீஸ்

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாளையும் தமிழ்நாடு அரசு லீவாக அறிவித்ததால் எங்களுக்கு ஞாயிறு வரை நான்கு நாள். 30-ஆம் தேதி சாயங்காலம் கடைசி ரிலீஸைப் போட்டேன். அதில் ஒரு சின்ன மாற்றம்: வாடிக்கையாளர்களுக்கு இன்வாய்ஸ் அனுப்ப, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஜாப், பட்டியலைத் துண்டு துண்டாக எடுத்து வேலை செய்யும்படி மாற்றியிருந்தோம். அந்த ஜாப் தினமும் ஓடும், ஆனால் தினமும் வருவது நாற்பது, ஐம்பது பேர்தான். 31-ஆம் தேதியும் ஒழுங்காக ஓடி முடிந்தது. பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லாகைப் பார்த்துவிட்டு நிம்மதியாக லேப்டாப்பை மூடினேன்.

ஒன்றாம் தேதி ஓடுவது மாத ஜாப். அதில் மூவாயிரத்துக்கு மேல் பெயர்கள். நேர வரம்பான 15 நிமிடத்துக்குள் அது முடியவில்லை, பாதியில் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே மறுபடி தொடங்கியது. விட்ட இடத்திலிருந்து அல்ல, பட்டியலின் தலையிலிருந்து. எது வரை முடிந்தது என்று குறித்துவைக்கும் வரி எங்கள் மாற்றத்தில் விடுபட்டிருந்தது. தினசரி ஜாப் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் நேர வரம்பை அது தொட்டதே இல்லை. அதனால்தான் 31-ஆம் தேதி ஒன்றும் தெரியவில்லை.

ஜாப் தொடங்கியது உலகப் பொது நேரமான UTC-யில் நள்ளிரவு. எங்களுக்கு நவம்பர் 1 விடியற்காலை 5:30. கிராக்கோவில் இரவு 1 மணி, விடிந்தால் அனைத்துப் புனிதர் நாள். போலந்தில் அது அரசு விடுமுறை, குடும்பத்தோடு கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றும் நாள். நியூயார்க்கில் அக்டோபர் 31 இரவு 8 மணி, ஹாலோவீன். நியூயார்க் நண்பர் பிள்ளைகளோடு தெருவில் இருந்தார். மூன்று நாட்டிலும் ஒரே நேரத்தில் ஆள் இல்லை. லீவுப் பட்டியல்களைத் தனித்தனியாகப் பார்த்தேனே தவிர, அந்த மணி நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

நான் பார்த்தபோது மணி எட்டு. வடகிழக்குப் பருவமழை, ராத்திரியே கரண்ட் போய் டவரும் போயிருந்தது. அதற்குள் ஜாப் மூன்று முறை ஓடியிருந்தது. பட்டியலின் மேலே இருந்தவர்களுக்கு மூன்று இன்வாய்ஸ், கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரே தொகை, ஒரே மாதம், மூன்று வேறு வேறு எண்கள். இந்த மாதிரிக் கோளாறுக்கு அடையாளம் இதுதான்: இன்வாய்ஸ் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், வாடிக்கையாளர் எண்ணிக்கை ஒரே இடத்தில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு அலர்ட் இருந்திருந்தால் இரண்டாவது ஓட்டத்திலேயே பிடித்திருக்கலாம்.

ரோல்பேக் செய்து பழைய பதிப்புக்குத் திரும்ப ஐந்து நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்த மெயிலை ரோல்பேக் திருப்பி அழைக்காது. தப்பான ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஒரு கிரெடிட் நோட், ஒரு மன்னிப்பு மெயில். இரண்டு வாரம் போனது. இன்னமும் அதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் அந்த மாற்றம் அந்த வாரமே போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. "லீவுக்கு முன்னாடி முடிச்சுடுவோம்" என்ற அவசரம் மட்டும்தான்.

இப்போது நான் போடும் கணக்கு இது. கடைசி ரிலீஸுக்கும் முதல் லீவுக்கும் நடுவில் எல்லா நாட்டுக்காரர்களும் வேலையில் இருக்கும் இரண்டு முழு நாட்கள் வேண்டும். அந்தத் தீபாவளிக்கு 29, 30 அந்த இரண்டு நாட்கள். அப்படியானால் கடைசி ரிலீஸ் 28 திங்கள். ஆனால் இன்வாய்ஸ் மாற்றத்துக்கு 28-உம் சரிப்படாது. மாத ஜாப்பைத் தொடும் மாற்றத்துக்கு இரண்டு நாள் பார்த்தால் போதாது, அது ஒன்றாம் தேதிதான் உண்மையைச் சொல்லும். ஃப்ரீஸுக்குள் எந்தெந்த ஜாப் ஓடப்போகிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள். அவற்றைத் தொடும் மாற்றங்களை ஃப்ரீஸ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 5-க்குப் பிறகு போட்டிருந்தால், டிசம்பர் ஓட்டத்துக்குள் முழுப் பட்டியலையும் சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்க்க மூன்று வாரத்துக்கு மேல் கிடைத்திருக்கும்.

"மாலை 6 மணி"

யாருடைய மாலை? 2024-இல் ஐரோப்பா அக்டோபர் 27-ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தது, அமெரிக்கா நவம்பர் 3-ஆம் தேதி. நடுவில் உள்ள அந்த ஒரு வாரம் கிராக்கோவுக்கும் நமக்கும் நாலரை மணி வித்தியாசம். அதற்கு முன்பு மூன்றரை. நியூயார்க்குக்கு அந்த வாரம் ஒன்பதரை, பிறகு பத்தரை. தீபாவளி பெரும்பாலும் இந்தக் குழப்பத்தை ஒட்டித்தான் வரும். UTC-யில் எழுதி எல்லோர் காலண்டரிலும் போட்டுவிடுங்கள், கடைசியில் வரும் Z அதைத்தான் குறிக்கிறது:

```
FREEZE START 2024-10-28T12:00Z
FREEZE END   2024-11-05T14:00Z
```

தொடக்கம் நமக்கு மாலை 5:30, கிராக்கோவில் பகல் 1, நியூயார்க்கில் காலை 8. முடிவு நமக்கு இரவு 7:30, கிராக்கோவில் பகல் 3, நியூயார்க்கில் காலை 9. இரண்டு முறையும் மூன்று இடத்திலும் ஆள் விழித்திருப்பார்கள்.

பெயர் இருந்தது, அனுமதி இல்லை

மாற்று ஆள் என்று பெயர் எழுதியிருந்த நியூயார்க் நண்பர் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பி அலர்ட்டைப் பார்த்துவிட்டார். ஜாப்பை நிறுத்தும் அனுமதி என்னையும் சேர்த்து இரண்டு பேரிடம் மட்டும்தான், இரண்டு பேரும் கோத்தகிரியில், டவர் இல்லாமல். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இப்போது ஃப்ரீஸுக்கு ஒரு வாரம் முன்பு, மாற்று ஆளே தன் லேப்டாப்பிலிருந்து ஒரு முறை ரோல்பேக் செய்து காட்ட வேண்டும், ஒரு ஜாப்பை நிறுத்தியும் காட்ட வேண்டும். நாங்கள் யாரும் கை வைக்க மாட்டோம். அவரால் முடியவில்லை என்றால் அவர் பெயரை எழுத மாட்டோம்.

"இந்தியா லீவு"

காலண்டரில் இப்படி எழுதினால் போதாது, பண்டிகை லீவு ஊருக்கு ஊர் மாறும். 2024-இல் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. புனேவில் லட்சுமி பூஜை மறுநாள்.

திறந்த காலையிலேயே எல்லாவற்றையும் அனுப்புவது

தேங்கி நிற்கும் மாற்றங்களை ஒவ்வொன்றாக அனுப்புங்கள்.

இனி தம்பியின் பொங்கல் திட்டம். பொங்கல் 15 வியாழன். 14 போகி, பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. முழு நாட்கள் 12-உம் 13-உம். அதற்கு முந்தின வேலைநாள் 9 வெள்ளி. வெள்ளிக்கிழமை போட்டால் சனி, ஞாயிறு பார்க்க ஆள் இல்லை. ஆகவே கடைசி ரிலீஸ் 8 வியாழன். 19 திங்கள் அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நாள், லீவு. திறப்பது 20, 14:00Z.

"அண்ணா, அப்போ 12 நாளைக்கு ஒண்ணுமே போகாதா?" என்று கேட்டான். மாற்றங்களை மெர்ஜ் செய்யலாம், சோதனைச் சர்வர் வரை கொண்டுபோகலாம், வாடிக்கையாளரிடம் மட்டும் போகாது. அவசரத் திருத்தம் என்றால் இரண்டு வேறு நாட்டில் இருக்கும் இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். பிறகு அவனே போலந்துக்காரர்களிடம் கேட்டு, ஜனவரி 6 அங்கே அரசு விடுமுறை என்று எழுதிச் சேர்த்தான். அதை நான் விட்டிருந்தேன்.