வட்டக் கழுத்தில் கயிறு வைத்த பைப்பிங்

சித்திக்கு இளம்பிள்ளைப் புடவையின் ரவிக்கைத் துணியைத் தைத்துக் கொடுத்தேன். மெரூன் துணி, கழுத்தில் பச்சைப் பைப்பிங். போட்டுப் பார்த்த சித்தி, "தையல் நேராகத்தான் இருக்கிறது, கழுத்து மட்டும் ஏன் முதுகில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: வளைவில் வெட்டே கொடுக்கவில்லை. அதே ரவிக்கையை மறுபடி தைத்த முறையை இங்கே சொல்கிறேன்.

பைப்பிங்குக்கு டூ பை டூ துணி எடுத்தேன். சேலம் சின்னக் கடைவீதியில் 2 மில்லிமீட்டர் பருமனில் பருத்திக் கயிறு வாங்கினேன். கயிற்றை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். தைத்தபின் கயிறு சுருங்கினால் கழுத்தும் சேர்ந்து சுருங்கும்.

கழுத்தின் ஓரத்தை அளந்தபோது 30 அங்குலம் வந்தது. 33 அங்குலப் பட்டி வேண்டும். பட்டியை நெசவுக்குக் குறுக்காக, 45 டிகிரியில், 3 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். 60 சென்டிமீட்டர் சதுரத் துணியின் மூலைவிட்டம் ஏறத்தாழ 33 அங்குலம் இருக்கும், ஒட்டு இல்லாத ஒரு பட்டி கிடைக்கும். நேராக வெட்டிய பட்டி வளையாது, வளைவில் முறுக்கிக்கொள்ளும்.

இனி ஜிப் ஃபுட். சாதாரணப் பாதம் கயிற்றின் மேல் ஏறிக்கொள்வதால் ஊசி கயிற்றை விட்டு விலகி விழும். ஜிப் ஃபுட்டில் ஊசியின் ஒரு பக்கம்தான் பாதம் இருக்கிறது. கயிறு இடப்பக்கம் இருந்தால் பாதம் ஊசிக்கு வலப்பக்கம், தட்டையான துணியின் மேல் உட்கார வேண்டும். மோட்டாரை ஓட்டும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, ஊசி பாதத்தில் இடிக்கவில்லை என்று பாருங்கள்.

கயிற்றைப் பட்டிக்குள் வைத்து மடித்து, 4 மில்லிமீட்டர் நீளத் தையலில் ஒரு வரி ஓட்டுங்கள். இந்த வரி கயிற்றை ஒட்டிப் போகக் கூடாது, ஒரு நூலிழை தள்ளியே இருக்கட்டும். பிறகு, தையல் வரிக்கு வெளியே 1 சென்டிமீட்டர் மிஞ்சும்படி ஓரத்தை ஒரே சீராக நறுக்குங்கள். கழுத்திலும் தையலுக்கு விட்டது 1 சென்டிமீட்டர்தான் என்பதால், இரண்டு ஓரங்களையும் சேர்த்து வைத்தாலே கயிறு தன் இடத்தில் உட்காரும்.

தோள் தையல்களை முடித்துக்கொண்டு, ரவிக்கையின் நல்ல பக்கத்தில் பைப்பிங்கை வையுங்கள். கயிறு உடல் பக்கம், வெட்டிய ஓரம் கழுத்து ஓரத்தோடு. அடிக் கழுத்து வளைவில் பைப்பிங்கைச் சற்றே இழுத்துப் பிடியுங்கள். திருப்பியதும் கயிறு தையல் வரியைவிடச் சிறிய வட்டத்துக்குள் வரும், தளர்வாக வைத்தால் அலை அலையாக நிற்கும். அளவுக்கு மீறி இழுத்தாலோ துணி சுருக்கம் விழும். முன்பக்கம் ஹூக் பட்டி வரும் இரண்டு முனைகளிலும் கயிற்றை மட்டும் 1 சென்டிமீட்டர் உருவி நறுக்கிவிடுங்கள், அங்கே மடிப்பு தடிக்காது. இந்தத் தையல் முதல் வரியைவிடக் கயிற்றுக்குச் சற்று நெருக்கமாகப் போகட்டும்.

அடுத்து லைனிங்கை நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க மேலே வைத்துக் குண்டூசி குத்துங்கள். தைக்கும்போது மெரூன் துணி மேலே இருக்கட்டும். முந்தைய தையல் வரி கண்ணுக்குத் தெரியும், அதற்கு உள்ளே, கயிற்றுப் பக்கமாக, கட்டைவிரல் நகத்தால் கயிற்றைத் தடவி உணர்ந்தபடி தையுங்கள்.

வெட்டு கொடுப்பதுதான் நான் தவறவிட்ட இடம். கழுத்தின் வெட்டிய ஓரம் சிறிய வட்டம், தையல் வரி பெரிய வட்டம். லைனிங்கைத் திருப்பும்போது அந்தச் சிறிய ஓரம் பெரிய வட்டத்தின் பக்கம் போய்ப் படுக்க வேண்டும். துணி போதாது, அதனால்தான் இழுத்துக்கொண்டு கழுத்தைத் தூக்குகிறது. கூர்மையான கத்தரிக்கோலின் நுனியால், வளைவில் 1 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, தையல் வரிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்பாக நிறுத்திக் கொடுங்கள். நேராக ஓடும் இடத்தில் வெட்டு தேவையில்லை. திருப்பியதும் ஒவ்வொரு வெட்டும் ஆப்பு வடிவில் விரியும், விரல் விட்டுத் தடவினாலே தெரியும். தையலையே வெட்டிவிட்டால் அங்கே கழுத்து கிழியும், அதனால் அவசரம் வேண்டாம். பீட்டர் பான் காலர் போன்ற வெளிவளைவில் கதை தலைகீழ்: பைப்பிங்கை வைக்கும்போதே அதன் ஓரத்துக்கு வெட்டு வேண்டும், திருப்பியபின் மிஞ்சும் துணியை முக்கோணமாக நறுக்கி எடுக்க வேண்டும்.

திருப்பி, கயிற்றின் மேல் அழுத்தாமல் ஓரத்தில் மட்டும் இஸ்திரி போடுங்கள். பச்சைக்கு அருகே முதல் வரித் தையல் எட்டிப் பார்த்தால் எதையும் பிரிக்க வேண்டாம். உள்பக்கம் திருப்பி, அந்த இடத்தில் மட்டும் கயிற்றை ஒட்டி இன்னொரு வரி ஓட்டினால் மறைந்துவிடும். சித்தியின் ரவிக்கையில் இடது தோளுக்குக் கீழே இரண்டு அங்குலம் அப்படித்தான் ஓட்டினேன். இந்த முறை போட்டுப் பார்த்தபோது கழுத்து முதுகில் படிந்து நின்றது.