குமரிக் கடலோரத்தில் ஏசி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சலில் மேல் மாடிப் படுக்கையறை ஒன்று. நீளம் 12 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி. மேற்குச் சுவரில் நாலுக்கு நாலு அடி ஜன்னல். படுப்பவர்கள் இரண்டு பேர். இந்த அளவைக் கடையில் சொன்னால், "மேல் மாடியா? அப்ப ஒன்றரை டன்னே எடுத்திருங்க சார், டக்குன்னு குளிர்ந்திரும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். வாங்கி மாட்டினால் டக்கென்று குளிரவும் செய்யும். ஆனால் நள்ளிரவில் மெத்தை விரிப்பு பிசுபிசுக்கும், ஜில்லென்று இருந்தும் புழுக்கம் போகாது. ரிமோட்டில் 24 வைத்திருந்தவர் 20-க்கு இறக்குவார், பிறகு 18-க்கு. உடல் நடுங்கும், பிசுபிசுப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

கேஸ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கேஸ் சரியாகத்தான் இருக்கும். அறைக்கு வேண்டியதைவிடப் பெரிய ஏசியை மாட்டியதுதான் கோளாறு. நம் மாவட்டத்தில் ஏசி வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு இது.

சதுர அடியை மட்டும் பார்ப்பது

டன் என்பது ஏசியின் எடை இல்லை, அறையிலிருந்து அது வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3,517 வாட் வெப்பம். இந்த வாட்டை ஏசி இழுக்கும் கரண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினாலும் இழுக்கும் கரண்ட் சுமார் 1,000 வாட்தான். பெட்டியில் '1 டன்' என்று போட்டிருந்தாலும் ஸ்டார் லேபிளில் 3,300, 3,400 என்று கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கணக்குக்கு லேபிளில் உள்ள வாட்டைத்தான் எடுக்க வேண்டும்.

குளச்சல் அறைக்கு ஏப்ரல் மாத மாலை ஐந்து மணிக்கு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேலே மட்டுப்பா வெயிலில் காய்ந்து கிடப்பதால் கான்கிரீட் வழியாக இறங்கும் வெப்பம் சுமார் 850 வாட். மேற்குச் சுவர் 280, மற்ற சுவர்கள் சேர்ந்து 200, திரை போட்ட ஜன்னல் 250. இரண்டு பேரின் உடல் சூடு 200, விளக்கும் ஃபேனும் 60. கதவிடுக்கு வழியாக நுழையும் வெளிக்காற்றும் அதிலுள்ள ஈரமும் 325. எல்லாம் சேர்த்து 2,200 வாட்டை ஒட்டி வருகிறது. மாலையில் ஆன் செய்தவுடன் சூடேறிக் கிடக்கும் சுவரையும் கட்டிலையும் குளிர வைக்கக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதையும் சேர்த்தாலும் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். இதே அறை கீழ்த்தளத்தில் இருந்தால் மட்டுப்பாவின் 850 கழிந்து 1,350-க்கு வந்துவிடும். சதுர அடி ஒன்றுதான், தேவையோ கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைகிறது.

கவனிக்க வேண்டியது அதிகாலை இரண்டு மணிக் கணக்கு. அப்போது வெயில் இல்லை, மட்டுப்பாவும் ஆறியிருக்கும். மொத்தத் தேவை 1,100 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் கடற்காற்றின் ஈரம் இரவில் குறைவதில்லை. கதவிடுக்கு வழியாக வருவதும் மூச்சிலும் வியர்வையிலும் சேர்வதுமாக, இந்த அறையில் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை ஏசி பிழிந்தெடுக்க வேண்டியிருக்கும். மாலையில் மொத்தச் சுமையில் ஆறில் ஒரு பங்காக இருந்த ஈரம், அதிகாலையில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மதுரையிலோ திருச்சியிலோ கோடையின் வறண்ட சூடுதான் முக்கியப் பிரச்சினை. நமக்கோ சூடு 35-ஐ ஒட்டியே நின்றுவிடும், ஈரம்தான் ஆளைப் படுத்தும். '52 டிகிரி வெயிலிலும் குளிரும்' என்று பெட்டியில் போட்டிருப்பதற்காக முட்டத்தில் இருப்பவர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் இல்லாத ஒன்றரை டன் ஏசியின் திறன் சுமார் 5,000 வாட். தேவை 1,100 வாட் மட்டும் என்றால், அதன் கம்ப்ரஸர் மணிக்கு 13 நிமிடம் ஓடினாலே போதும். அந்த 13 நிமிடமும் ஒரே ஓட்டமாக இருக்காது, மூன்று நாலு நிமிடத் துண்டுகளாக ஓடி நிற்கும். இன்டோர் யூனிட்டின் காயில் நன்றாகச் சில்லிட்டு, அதில் ஈரம் படிந்து, சொட்டாகி, டிரெயின் குழாயை எட்ட சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் அறை 24-ஐத் தொட்டுவிட, கம்ப்ரஸர் நின்றுவிடும். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பதால், காயிலில் ஒட்டியிருந்த தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பி வரும். விரிப்பு பிசுபிசுக்கக் காரணம் இதுதான்.

ஏற்கெனவே ஏசி இருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். டிரெயின் குழாயின் வாயை இரவு ஒரு வாளிக்குள் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன அறையில் எட்டு மணி நேரத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல் சேர வேண்டும். கடலோரப் புழுக்க இரவில் ஒரு லிட்டர்கூடச் சேரவில்லை, அறை மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்றால் ஏசி அறைக்குப் பெரிது.

ஒன்றரை டன் தேவைப்படும் அறைகளும் உண்டு. மட்டுப்பாவுக்கு நேர் கீழே 160, 180 சதுர அடி இருந்தாலோ, மேற்கில் பெரிய கண்ணாடி இருந்தாலோ, சாப்பாட்டு அறையோடு திறந்து கிடக்கும் ஹாலாக இருந்தாலோ ஒன்றரை எடுங்கள். சீலிங் அடிக்காத ஓட்டு வீட்டுக்கு எத்தனை டன் என்று கேட்பதில் பொருளில்லை. ஓட்டிடுக்கு வழியாகக் காற்று போய்வந்துகொண்டே இருக்கும், இரண்டு டன் போட்டாலும் தெருவுக்குத்தான் குளிரும். முதலில் சீலிங், பிறகு ஏசி.

"இன்வெர்ட்டர்தானே, பெரிதாகவே எடுப்போம்" என்பது

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் ஆன், ஆஃப் என்று துள்ளாமல் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பெரிய ஏசி எடுத்தாலும் தானாகச் சுருங்கிக்கொள்ளும் என்பது பலர் எண்ணம். சுருங்கும், ஆனால் ஓர் எல்லை வரைதான். தயாரிப்பாளரின் விவரத் தாளில் குறைந்தபட்சத் திறன், வழக்கமான திறன், அதிகபட்சத் திறன் என்று மூன்று எண்கள் இருக்கும். ஒன்றரை டன் மாடலின் குறைந்தபட்சம் 1,500 வாட் என்றால், 1,100 வாட் தேவைப்படும் அதிகாலையில் அதுவும் பழைய ஏசி போலவே நின்று நின்றுதான் ஓடும். குறைந்தபட்சம் 1,000 வாட்டுக்குள் இருக்கும் ஒரு டன் மாடல் விடியும் வரை நிற்காமல் மெதுவாக ஓடி, ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். கடைக்காரருக்கு இந்த எண் தெரியாமல் போகலாம். மாடல் எண்ணை வைத்து விவரத் தாளை நீங்களே தேடிப் பார்த்துவிடுங்கள்.

'ஐந்து அளவுகளில் மாற்றிக்கொள்ளலாம்' என்று விற்கும் கன்வெர்ட்டிபிள் வசதி, கம்ப்ரஸரின் மேல் வேகத்துக்குப் போடும் கடிவாளம்தான். கீழ் எல்லையை அது மாற்றாது.

இன்னொரு விஷயம். இன்வெர்ட்டர் மெதுவாக ஓடும்போது இன்டோர் காயில் அவ்வளவாகச் சில்லிடாது. அந்த நேரத்தில் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால், காற்று ஈரத்தை விடாமலே காயிலைத் தாண்டிப் போய்விடும். அதனால் இரவில் ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். ஜூன், ஜூலை மழையில் சூடு இல்லாமல் ஈரம் மட்டும் படுத்தும்போது டிரை மோடு போதும்.

லேபிளில் உள்ள வருட யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு. தினம் எட்டு மணி நேரம் வீதம் ஆறேழு மாதம் ஓட்டும் படுக்கையறைக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். ஊரிலிருந்து ஆள் வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கு ஐந்து ஸ்டார் வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த விலை சேமிப்பாகத் திரும்பி வர வெகுகாலம் ஆகும்.

"காப்பர் காயில், கடற்காற்று ஒன்றும் செய்யாது" என்று நம்புவது

காப்பர் ஏசி என்று விற்கப்படும் பெட்டியிலும் குழாய் மட்டும்தான் காப்பர். அதைச் சுற்றி நெருக்கமாக அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகள், அதாவது ஃபின்கள், அலுமினியம். காப்பரும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்யும், அதில் அரிபடுவது அலுமினியம். முதலில் ஃபின்னில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு விரலால் தொட்டாலே தகடு உதிரும். குழாய் ஓட்டையில்லாமல் இருக்கும், கேஸும் குறையாது. ஆனால் சூட்டை வெளியே தள்ள ஃபின் இல்லாததால் கரண்ட் பில் ஏறும், குளிர்ச்சி இறங்கும்.

குழாயும் ஃபின்னும் அலுமினியமாகவே இருக்கும் காயிலில் இந்த இரண்டு உலோகச் சண்டை காயிலுக்குள் இல்லை. ஆனால் அது காப்பர் குழாயோடு சேரும் ஜாயின்ட்டில் அதே பிரச்சினை வரும். உப்பு, அலுமினியக் குழாயில் குண்டூசி ஓட்டை போடவும் செய்யும். ஓட்டை விழுந்தால்தான் பெரிய வித்தியாசம் தெரியும். காப்பர் உருக 1,085 டிகிரி வேண்டும், மெக்கானிக் வீட்டிலேயே பற்றவைத்துவிடுவார். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். கை கொஞ்சம் தவறினால் குழாயே ஒழுகிப்போகும் என்பதால், பலர் காயிலையே மாற்றச் சொல்வார்கள். காப்பரை எடுக்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். அது கெடாது என்பதற்காக அல்ல, கெட்டால் சரிசெய்யலாம் என்பதற்காக.

அதனால் கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் காப்பரா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவுட்டோர் ஃபின்னில் நீலம் அல்லது தங்க நிறத்தில் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். வாரண்டி அட்டையில் உப்புக்காற்று அரிப்புக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று படித்துவிடுங்கள். இன்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் குழாயையும் தனியாகக் கேட்க வேண்டும். காயில் காப்பராக இருந்து, மாட்ட வருபவர் அலுமினியக் குழாயைப் போட்டுவிட்டுப் போவது உண்டு. சுற்றியிருக்கும் கறுப்பு ஃபோமை முனையில் கொஞ்சம் விலக்கினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

குலசேகரம் பக்கம் உப்புக்காற்று குறைவு, ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி, ஈரத்தோடு சேர்ந்தால் காப்பரை எறும்புப் புற்று போல உள்ளுக்குள் துளைக்கும். கண்ணுக்கு ஓட்டை தெரியாது, கேஸ் மட்டும் மாதக்கணக்கில் கசியும். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருக்கும், அதுதான் அடையாளம். ஷீட் அடிக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் அவுட்டோர் யூனிட்டை வைக்காதீர்கள்.

கடலோர வீடுகளில் அவுட்டோரைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் வீட்டின் மறுபக்கம் மாட்டினாலே ஃபின்னின் ஆயுள் கூடும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபின்னைக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பைக் கழுவும் பிரஷர் பம்ப் ஆகாது, தகடு மடங்கிவிடும். கழுவும் முன் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைக் கழுவப் பயன்படுத்த வேண்டாம்.