மேளகர்த்தா அட்டவணையை நம்பிப் பாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்பனாசுரம் கற்க வருகிற பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால், முதல் பக்கத்திலேயே 72 மேளகர்த்தா அட்டவணை ஒட்டியிருக்கும். என் பழைய நோட்டிலும் அது இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்தைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள். பெயரை மாற்றிச் சொல்வது, சக்கரத்தின் வரிசையை மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் அட்டவணை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். ஸ, ப இரண்டும் அசையாது. ரிஷபமும் காந்தாரமும் சேர்ந்து ஆறு ஜோடி: ரி1க1, ரி1க2, ரி1க3, ரி2க2, ரி2க3, ரி3க3. தைவதமும் நிஷாதமும் அதே முறையில் ஆறு ஜோடி. ஆறை ஆறால் பெருக்கினால் 36. சுத்த மத்தியமத்தோடு 36, பிரதி மத்தியமத்தோடு இன்னொரு 36, ஆக 72. ஒரு சக்கரத்துக்குள் ரி-க ஜோடி மாறாது, த-நி ஜோடிதான் ஒன்று முதல் ஆறு வரை நகரும். இவ்வளவு தெரிந்தால் எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் சுரங்களை விரல் விட்டே சொல்லிவிடலாம்.

மீதி பூஜ்யம் வந்தால்

28 என்றால் ஆறால் வகுக்கிறோம். ஈவு 4, மீதி 4. நான்கு சக்கரம் முடிந்துவிட்டது, ஐந்தாவது சக்கரத்தில் நான்காவது மேளம். ஐந்தாவது ஜோடி ரி2க3, நான்காவது ஜோடி த2நி2, அதுதான் ஹரிகாம்போஜி. 24 வந்தால் மீதி பூஜ்யம். உடனே ஐந்தாவது சக்கரத்துக்குத் தாவுகிறார்கள். தாவக்கூடாது, அது நான்காவது சக்கரத்தின் கடைசி மேளம், வருணப்ரியா. 36க்கு மேல் போனால் முதலில் 36ஐக் கழித்துவிட்டு இதே கணக்கு.

கடபயாதியைத் தமிழ் எழுத்தில் போடுவது

போடாதீர்கள். மேளப் பெயரின் முதல் இரண்டு எழுத்திலிருந்து அதன் எண்ணைக் கண்டுபிடிக்கிற கணக்கு கடபயாதி. நமக்கு ஒரே ‘ட’, அந்தக் கணக்குக்கு நான்கு ‘ட’. நடபைரவியின் ‘ட’ வர்க்கத்தில் இரண்டாவது என்று தெரிந்தால்தான் 20 வரும்.

தாயின் சுரத்தை அப்படியே சேய்க்குப் போடுவது

இதைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதனால்தான்.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு பையன் பைரவியில் சுரம் எழுதிக்கொண்டு வந்தான். கெட்டிக்காரப் பையன், தாளத்தில் குறையே இல்லை. அட்டவணையைப் பார்த்திருக்கிறான்: பைரவி, 20ஆவது மேளமான நடபைரவியின் ஜன்யம். நடபைரவிக்கு ரி2, க2, ம1, த1, நி2. சரி, அதையே எடுத்து ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போட்டு, மாதக்கணக்கில் சாதகமும் செய்திருக்கிறான். பக்கத்தில் வயலின் வாசித்த பெண்ணுக்கு பைரவி பழக்கம். அவன் ‘ப த நி ஸ’ என்று ஏறும்போது அவள் கை வழக்கப்படி சதுச்ருதி தைவதத்துக்குப் போனது. அவன் சுத்த தைவதத்தில் நின்றான். இரண்டும் அரை சுரத் தூரத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒலித்தன. அவன் என்ன செய்தான் தெரியுமா? பாட்டை நிறுத்திவிட்டு அவளைத் திருத்தினான்! “இருபதாவது மேளம், த1தான்க்கா” என்று.

தவறு அவள் பக்கம் இல்லை. பைரவி ஒரு பாஷாங்க ராகம். தாய் மேளத்தில் இல்லாத சுரம் ஒன்று உள்ளே வந்து போகும், அதற்கு அந்நிய சுரம் என்று பெயர். பைரவியின் ஆரோகணம் ஸ ரி2 க2 ம1 ப த2 நி2 ஸ. அவரோகணம் ஸ நி2 த1 ப ம1 க2 ரி2 ஸ. ஒரு கட்டை சுருதி வைத்துக்கொண்டு ஹார்மோனியத்தில் பாருங்கள். பஞ்சமம் வெள்ளைக் கட்டை. அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை த1, அதையும் தாண்டிய வெள்ளைக் கட்டை த2. மேல் ஷட்ஜத்தை நோக்கி ‘ப த நி ஸ’ என்று போகும்போது வெள்ளைக் கட்டை. ‘நி த ப’ என்று பஞ்சமத்துக்கு இறங்கும்போது கறுப்புக் கட்டை. இந்த ஏற்றத்தை மட்டும் தனியே பார்த்தால் அது 20 இல்லை, 22ஆவது மேளமான கரஹரப்ரியாவின் ஏற்றம். அட்டவணையை வைத்துக்கொண்டு எவ்வளவு தேடினாலும் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரண்டு தைவதம் உள்ள மேளம் கிடைக்காது. மேளம் என்றால் ஒரு சுரத்துக்கு ஒரே இடம்தான்.

இதோடு முகாரியைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முகாரியின் ஆரோகணம் ஸ ரி2 ம1 ப நி2 த2 ஸ, அவரோகணம் ஸ நி2 த1 ப ம1 க2 ரி2 ஸ. இரண்டு ராகத்திலும் இருக்கிற சுரங்களைக் கொட்டி எண்ணினால் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. அதே ரி2, க2, ம1, நி2, இரண்டு தைவதமும் உண்டு. ஆனால் பைரவியை 20இல் வைத்து அதன் த2வை அந்நிய சுரம் என்கிறோம். முகாரியை 22இல் வைத்து அதன் த1ஐ அந்நிய சுரம் என்கிறோம். பைரவியில் சுத்த தைவதத்தின் ஆட்சி என்றும், முகாரியில் சதுச்ருதி தைவதத்தின் ஆட்சி என்றும் தீர்மானித்து எழுதிய முகவரி இது. ராகம் எங்கே ‘இருக்கிறது’ என்பதைத்தான் மேள எண் சொல்லும், அதை எப்படிப் பாடுவது என்று சொல்லாது.

பிள்ளைகளைக் குழப்புவது தாய், சேய் என்ற பேச்சுதான் என்று நினைக்கிறேன். அம்மா முதலில் பிறந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கே பல நேரம் நடந்தது தலைகீழ். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி, சதுர்தண்டி பிரகாசிகையில் 72 மேளம் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவரே வழக்கில் இருப்பதாக விவரித்தவை 19 மேளங்கள்தான். அந்தப் பத்தொன்பதில் பைரவியும் காம்போஜியும் ஏற்கெனவே இருக்கின்றன. பைரவிக்கு முன்னால் ‘நட’வும் காம்போஜிக்கு முன்னால் ‘ஹரி’யும் எண் சரியாக வருவதற்காகப் பிற்பாடு ஒட்டப்பட்டவை. அதாவது ராகம் பழையது, அதற்குத் தாய் என்று நாம் காட்டுகிற முழு வரிசை புதியது. பழைய ராகம் புதிய அட்டவணைக்குள் ஒழுங்காக அடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிற சுரத்துக்குத்தான் அந்நியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பைரவிக்கு அது அந்நியமே இல்லை, அதன் ரத்தம்.

எல்லாப் பாஷாங்க ராகத்திலும் சேதம் ஒரே அளவு இருக்காது. காம்போஜியில் காகலி நிஷாதம் ‘ஸ நி ப த ஸ’ மாதிரிப் பிடியில்தான் தலைகாட்டும். அதை விட்டுவிட்டுப் பாடினாலும் காம்போஜி என்று தெரியும், கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். பைரவியில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்த தைவதம் வேண்டும். அதனால் அங்கே தப்பினால் ராகமே கையை விட்டுப் போகிறது.

ஆகவே ஜன்ய ராகம் ஒன்றை எடுத்தால் மேள எண்ணைப் பார்ப்பதற்கு முன் அது உபாங்கமா பாஷாங்கமா என்று கேளுங்கள். உபாங்கம் என்றால் தாயின் சுரங்களுக்குள்ளேயே நிற்கும், நம்பி எடுக்கலாம். பாஷாங்கம் என்றால் அந்நிய சுரம் எது, எந்தப் பிடியில் வருகிறது என்பதை ஒரு வர்ணத்திலிருந்து எடுக்க வேண்டும். பைரவி, முகாரி, காம்போஜி, பிலஹரி, கமாஸ், காபி எல்லாம் இந்த வகை. அந்தப் பையனுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லித் தரவில்லை. அவன் நன்றாகப் பாடுகிற பைரவி வர்ணத்தையே மெதுவாகப் பாடச் சொல்லி, ஒவ்வொரு தைவதத்திலும் நிறுத்தி, எந்தக் கட்டை என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். வர்ணத்தில் சரியாக வெள்ளைக் கட்டையைத்தான் பாடிக்கொண்டிருந்தான். காதுக்குத் தெரிந்ததை நோட்டு மறைத்துவிட்டது. ஊறிப்போன சுர வரிசையை மாற்றத்தான் பாவம், நாள் பிடித்தது.

ஒரு ராகத்துக்கு ஒரே தாய்தான் என்று சண்டை போடுவது

மோகனம் ஸ ரி2 க3 ப த2 ஸ. மத்தியமமும் நிஷாதமும் இல்லை. அப்படியானால் தாய் யார் என்று அட்டவணையைக் கேட்டால், அது நான்கு பேரைக் கைகாட்டும். மத்தியமம் எதுவாகவும் இருக்கலாம். த2வுக்குப் பக்கத்தில் நி2 அல்லது நி3 வரலாம். நி1 வர வழியில்லை, அது த2 இருக்கும் அதே இடம். எனவே 28 ஹரிகாம்போஜி, 29 தீரசங்கராபரணம், 64 வாசஸ்பதி, 65 மேசகல்யாணி எல்லாமே பொருந்தும். வழக்கத்தில் 28 என்று எழுதுகிறோம். அது ஒரு ஏற்பாடு, கணக்கில் கிடைத்த விடை இல்லை.

பிலஹரியின் ஏற்றமும் அச்சாக இதே மோகனம்தான். ஆனால் இறக்கத்தில் நி3யும் ம1உம் வந்துவிடுவதால் பேச்சுக்கு இடமில்லாமல் 29இல் உட்காருகிறது. சுரம் குறையக் குறையத் தாய்கள் கூடும், ஏற்ற இறக்கத்தில் எங்காவது ஏழும் வந்துவிட்டால் சந்தேகம் தீரும். ஹம்சத்வனியை (ஸ ரி2 க3 ப நி3 ஸ) இதே மாதிரி போட்டுப் பாருங்கள், ஆறு மேளம் வர வேண்டும்.

ஒரே ஆரோகண அவரோகணம் என்றால் ஒரே ராகம்

ஆரபி, தேவகாந்தாரி. இரண்டுக்கும் ஸ ரி2 ம1 ப த2 ஸ, ஸ நி3 த2 ப ம1 க3 ரி2 ஸ. இரண்டும் 29. ஆரபியை விறுவிறுவென்று பாடாமல் இழுத்து இழுத்து அசைத்தால் தேவகாந்தாரி வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்.

இரண்டு அட்டவணைகளைக் கலப்பது

கனகாங்கி என்று தொடங்கும் பட்டியல்தான் இன்று எல்லோரும் வைத்திருப்பது. அதில் தாய் ராகம் ஏழு சுரமும் வரிசை தப்பாமல் ஏறி இறங்க வேண்டும். கனகாம்பரி என்று தொடங்கும் இன்னொரு பட்டியல் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் பின்பற்றிய வழி அதுதான். அங்கே 20க்குப் பெயர் நாரீரீதிகௌள, 22க்கு ஸ்ரீ. ஸ்ரீ ராகத்தின் ஏற்றம் ஸ ரி2 ம1 ப நி2 ஸ, ஐந்தே சுரம். தாய்க்கே சுரம் குறைகிறதே என்று பதறி, புத்தகத்தில் அச்சுப் பிழை என்று பென்சிலால் திருத்தி வைத்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பிழை இல்லை. அந்த முறையில் மேளத்தின் தலைமை ராகம் ஏற்றத்திலும் இறக்கத்திலும் முழுதாக இருக்க வேண்டியதில்லை. தீட்சிதர் கிருதி புத்தகத்தில் மேளப் பெயர் புதிதாகத் தெரிந்தால் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்குரிய சுர இடங்கள் இரண்டு பட்டியலிலும் ஒன்றுதான்.