கண் முகாம் நோட்டீஸ்: வரும் நேரத்தை மட்டும் போட்டால் போதாது

வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் புதிதாகக் கண் முகாம் நடத்தும் இளைஞர்கள், நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டுவார்கள். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை, எழுத்துப் பிழை, நன்கொடை கொடுத்தவர் படம் பெரிதாகி இடத்தின் பெயர் ஓரத்துக்குப் போய்விட்டது என்பதையெல்லாம் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். முகாம் அன்று மதியம்தான் தெரியவரும் தவறுகள் சில இருக்கின்றன. அவையேதான் ஒவ்வொரு புது நோட்டீஸிலும் திரும்ப வருகின்றன.

திரும்பும் நாளைச் சொல்லாமல் விடுவது

"காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை இலவசக் கண் பரிசோதனை. கண்புரை அறுவை சிகிச்சை முற்றிலும் இலவசம். அனைவரும் வருக." பெரும்பாலான நோட்டீஸ் இவ்வளவோடு முடிந்துவிடும். படிப்பவர் என்ன நினைப்பார்? ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான்.

நடப்பது வேறு. அறுவை சிகிச்சை, முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடப்பதில்லை, மருத்துவமனையில்தான் நடக்கிறது. புரை முற்றியிருக்கிறது என்று தேர்வானவர்களை அன்று மதியமே பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் மறுநாள் அறுவை, அதற்கு அடுத்த நாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஆக இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்க முடியாது. இந்த ஒரு வரி நோட்டீஸில் இல்லாததால் நடந்ததைச் சொல்கிறேன்.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. பெயர் பதிந்து, பார்வை அளந்து, டார்ச் அடித்துப் பார்த்து, கண் அழுத்தம் பார்த்தாயிற்று. கண்ணீர்ப் பையில் நீர் செலுத்தி, அது தொண்டைக்கு இறங்குகிறதா என்றும் பார்த்தார்கள். அங்கே அடைப்போ சீழோ இருந்தால் கிருமி கண்ணுக்குள் போய்விடும் என்பதால் முதலில் அதைத்தான் சரிசெய்வார்கள். பாட்டிக்கு எல்லாம் சரியாக இருந்தது. "இன்றைக்கே கிளம்பலாம்" என்று மருத்துவர் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி, ஆட்டைக் கட்டிப்போட்டுட்டு வந்திருக்கேன். மாத்துப் புடவை இல்லை. மகன் திருப்பூர்ல இருக்கான், அவனைக் கேக்காம எப்படி வருவேன்?" மகனுக்குப் போன் போட நம்பரும் அவரிடம் இல்லை. வீட்டுக்குப் போய் வந்துவிடுகிறேன் என்றார். பேருந்து இரண்டரை மணிக்குக் கிளம்பிவிட்டது.

அடுத்த முகாம் சில மாதம் கழித்துத்தான் வரும். அதுவரை புரை முற்றிக்கொண்டே போகும். சிலருக்கு முற்றிய லென்ஸ் ஊதி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலி வரும். அப்படி நரம்பு கெட்டுப்போனால் பிறகு லென்ஸை மாற்றினாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. ஒரு மாற்றுப் புடவை பற்றி எழுதாமல் விட்டதற்கு இந்த விலை. இன்றைக்கும் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதே தவறின் மறுபாதி மாத்திரை. பரிசோதனை என்றாலே வெறும் வயிறு என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போனது. ரத்தப் பரிசோதனைக்குப் போகிற மாதிரியே கண் முகாமுக்கும் சாப்பிடாமல், பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் போடாமல் வந்து வெயிலில் வரிசையில் நிற்பார்கள். பதினொரு மணிக்கு அளந்தால் ரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டியிருக்கும். அந்த அளவோடு அறுவைக்கு அழைத்துப் போக எந்த மருத்துவரும் தயங்குவார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்து அடுத்த முகாமுக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவார். வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் மாத்திரை போட்டு வந்திருந்தால் இவர்களில் பலர் அன்றே பேருந்தில் ஏறியிருப்பார்கள்.

நோட்டீஸில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"அறுவை சிகிச்சைக்குத் தேர்வாகிறவர்கள் அன்று மதியமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள். வீடு திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகும். மாற்றுத் துணி எடுத்து வாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், வீட்டார் ஒருவரின் போன் நம்பரை எழுதி எடுத்து வாருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு, தினமும் போடும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மூன்று நாளைக்கு வேண்டிய மாத்திரையும், மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்."

இதைத் தலைப்புக்கு அடுத்தபடியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கும்போது சிறப்பு விருந்தினர் பெயருக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். முகாமுக்கு வருகிறவர்களில் பலருக்கு நோட்டீஸைப் படிக்கும் அளவுக்குப் பார்வை இல்லை, காதால் கேட்டுத்தான் வருகிறார்கள்.

"ஆதார் இல்லாதவர்கள் வரவேண்டாம்"

அப்படி எழுதாதீர்கள். ஆதார் நகலும் குடும்ப அட்டை நகலும் அறுவைக்கான பதிவுக்காகக் கேட்பவை. கண்ணைப் பார்ப்பதற்கு அட்டை வேண்டுமா என்று வரப்போகும் மருத்துவமனையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையே எழுதிவிடுங்கள். பழைய கண்ணாடி, முன்பு கண் காட்டிய சீட்டு, சர்க்கரை நோட்டு ஆகியவற்றைப் பட்டியலில் சேருங்கள். மருத்துவருக்கு அவைதான் அதிகம் உதவும்.

யார் வரலாம் என்பதை "அனைவரும்" என்று முடிப்பது

40 வயதைத் தாண்டி எழுத்து மங்குகிறவர்கள், கண்ணுக்கு முன் புகை மூட்டமாகத் தெரிகிறவர்கள் என்று எழுதுங்கள். சர்க்கரை நோயாளிகளைத் தனியாகக் குறிப்பிடுங்கள். விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கிய பிறகும் சில காலம் பார்வை நன்றாகவே இருக்கும், அதனால் அவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று வரமாட்டார்கள். ஏற்கனவே புரை எடுத்தவர்களுக்கும் லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கி மறுபடி பார்வை குறையலாம். அவர்களையும் கூப்பிடுங்கள்.

கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது, வெளிச்சமும் கூசும். பைக் ஓட்டிக்கொண்டு தனியாக வர வேண்டாம் என்றும் ஒரு வரி வேண்டும்.

கண்ணாடி இலவசமா?

கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நடவு நேரத்தில் தேதி வைப்பது

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்காலும் நடவும்தான் கண்ணில் தெரியும். அறுவை முடிந்தவருக்குச் சில வாரங்கள் சேற்றிலும் தூசியிலும் வேலை கூடாது, சொட்டு மருந்தும் விட வேண்டும். கூலிக்குப் போகிறவர் அப்போது எப்படிச் சம்மதிப்பார்? குறுவை நடவுக்கு முன்பு கோடையிலோ, சம்பா அறுவடை எல்லாம் முடிந்த பிறகோ வையுங்கள்.

நெல் பட்ட கண்ணை முகாமுக்குக் காக்க வைப்பது

அறுவடைக் காலத்தில் கதிர் அடிக்கும்போது நெல்லோ உமியோ கண்ணில் தெறிக்கும், நெல் தாள் கீறும். அந்தக் கீறலில் பூஞ்சை பற்றினால் சில நாளிலேயே கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரியும். ஆறினாலும் தழும்பு நின்றுவிடும், அதைத்தான் பூ விழுந்த கண் என்கிறோம். "எல்லாக் கண் நோய்களுக்கும் சிகிச்சை" என்று நோட்டீஸில் இருந்தால், அடிபட்டவர் பத்து நாள் கழித்து வரப்போகும் முகாமுக்காகக் காத்திருப்பார். அதற்குள் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டுவிட்டால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். அதனால் நோட்டீஸின் கடைசி வரியாக இதைப் போடுங்கள்: "கண்ணில் அடிபட்டவர்கள், கண் சிவந்து வலி உள்ளவர்கள் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குச் செல்லுங்கள்."